திரும்பி வருகிற பணம்

1994 ஆடியில், சூலூரில் எங்கள் விசைத்தறிக் கூடத்துக்குப் புது மின்இணைப்பு வாங்க என் பணம் போதவில்லை. பால் விற்றுச் சேர்த்த பணம் மனைவியிடம் இருந்தது. திரும்பி வருமென்றால் மட்டும் தருவதாகச் சொன்னாள்.

மின்வாரிய அலுவலகத்தில் கட்டணச் சீட்டை நீட்டி, "ஏனுங்க, இதுல எதெல்லாம் திரும்பி வருமுங்க?" என்று எழுத்தரிடம் கேட்டாள்.

"மீட்டர் டெபாசிட்டும் கரண்ட் டெபாசிட்டும் வருமுங்க அம்மணி. இணைப்பு வேண்டாம்னு எழுதிக் குடுக்கறப்ப, பாக்கியக் கழிச்சுப்போட்டு மீதியத் தருவாங்க. பதிவுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும் வராதுங்க."

டெபாசிட் இரண்டையும் அவள் கொடுத்தாள். மற்றவை என் தலையில் விழுந்தன.

அடுத்த சித்திரையில் நான் பில் கட்ட மறந்துவிட்டேன். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். பாவு நூல் பாதி நெய்தபடி இருக்கத் தறி நின்றது. சேலைகளை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். மின்வாரிய அலுவலகத்துக்கு இருவரும் போனோம்; பாக்கியோடு மறுஇணைப்புக் கட்டணமும் கட்டச் சொன்னார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அதே எழுத்தரைப் பார்த்தாள்.

"இது திரும்பி வருங்களா?"

"வராதுங்க அம்மணி. இது மறந்ததுக்குக் கட்டறதுங்க."

"அப்ப மறந்தவங்களே கட்டட்டுமுங்க!"

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் பார்த்துவைத்திருந்த சரித்திர நூலுக்கான பணம் என் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் கட்டினேன். மாலையில் தறி ஓடியது. கட்டிவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது அவள் சிரித்த சிரிப்பு, அந்தப் புத்தகத்தைவிட நன்றாக இன்றும் நினைவிருக்கிறது.