போரானுக்கு விழுந்த பூஜ்யம்

1974 ஏப்ரலில் மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றில் வேதியியல் விடைத்தாள்களைத் திருத்தினோம். போரான் மூலக்கூறைக் காந்தம் ஈர்க்காது என்றது தலைமைத் தேர்வாளர் வெள்ளைத்துரை எழுதிய விடைக்குறிப்பு. என் பக்கத்து மேசை விரிவுரையாளர் ஜஹீதா எழுந்துவிட்டார்.

"சார், எலக்ட்ரான் நிரம்புற வரிசைப் படத்துல சிக்மா ஆர்பிட்டாலைக் கீழே வரைஞ்சிட்டீங்க. போரான்ல பை ஆர்பிட்டால் ரெண்டும்தான் கீழே. ரெண்டுலயும் ஆளுக்கொரு எலக்ட்ரான் ஜோடியில்லாம தனியா நிக்கும். அப்படி நின்னா காந்தம் ஈர்க்கத்தான் செய்யும்."

"எப்படி வரைஞ்சாலும் ரெண்டு அணுவுக்கும் நடுவுல பிணைப்புத் தரம் ஒண்ணுதானேம்மா? குறிப்புல உள்ளபடி போடுங்க."

"தரம் ஒண்ணுதான், காந்த குணம் வேற. போரான் உங்க குறிப்பைப் படிக்கலையே சார்!"

சரியாக எழுதிய பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போட ஜஹீதா மறுத்தார். வெள்ளைத்துரை விடைத்தாள் கட்டைப் பிடுங்கித் தானே பூஜ்யம் போட்டார். மறுவருடம் ஜஹீதாவை அழைக்கவில்லை. விடைக்குறிப்பு எழுத மட்டும் மறுபடி வெள்ளைத்துரையே வந்தார். இதற்குப் பெயர் தேர்வாம்!