கும்பய்யாவின் வலது கால்

பைடிராஜுவை எங்கள் ஸ்டுடியோவில் 'கால் டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஹைதராபாத் கச்சிபௌலியில் குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர் எடுக்கும் இடம் எங்களுடையது. அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நான் சென்னையிலிருந்து இங்கே வந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவர் ஆந்திராவில் விஜயநகரம் பக்கத்து ஆள். படித்தது ஐடிஐ. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர் எப்படியோ இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் தொடரின் நாயகன் கும்பய்யா. பானை வயிறும் பெரிய தலையும் முழங்கால் உயரத்துக்குக் கால்களும் கொண்ட குட்டி அரக்கன். அவனுக்கு நடை கொடுத்தவர் சன்யாசிராவ், பனைமரம் மாதிரி ஆள். உடம்பெல்லாம் பளபளக்கும் சிறு உருண்டைகள் ஒட்டிய கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேமராக்களுக்கு நடுவில் அவர் நடப்பார், ஓடுவார், வழுக்கி விழுவார். அந்த அசைவுகளை வாங்கிக் கும்பய்யாவின் உடம்பில் பொருத்துவது பைடிராஜுவின் வேலை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது சட்டையை மாற்றிப் போடுவது போலத் தோன்றும். நெட்டை ஆளின் மூட்டுகள் மடங்குவதை அப்படியே குட்டையனுக்குக் கொடுத்தால் கை வயிற்றுக்குள் புகுந்துவிடும். கால் அதைவிட மோசம். சன்யாசிராவ் ஓர் எட்டில் கடக்கும் தூரத்தைக் கும்பய்யாவின் கால் எட்டாது. இடுப்பு முன்னால் போய்விட, தரையில் ஊன்றியிருக்க வேண்டிய பாதம் எண்ணெய் கொட்டிய தரையில் நிற்பது போல வழுக்கிக்கொண்டே போகும். அதனால் கால் நீளத்தின் விகிதத்துக்கு இடுப்பின் பயணத்தைச் சுருக்க வேண்டும். பிறகு பாதம் எப்போது தரையில் இருக்கிறது என்று குறித்து, அந்த நேரம் முழுக்க அதை ஆணி அடித்தது போல நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சில இடங்களில் கால் எட்டாமல் முழங்கால் வெடுக்கென்று நிமிரும். அங்கே இடுப்பைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். பைடிராஜு கை வைத்த கும்பய்யா பூமியில் பாரம் வைத்து நடப்பான்.

பைடிராஜுவும் சன்யாசிராவும் ஒரே ஊர்ப்பக்கம். உறவு இல்லை, ஆனாலும் ஒருவரை ஒருவர் மச்சான் என்ற பொருளில் 'பாவா' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.

"பாவா, நான் ஒட்டகம் மாதிரி நடக்கிறேன், நீ அதை வாத்தா மாத்திடுற. எங்க அம்மா டிவில பார்த்துட்டு 'இதுலே நீ எங்கேடா இருக்கே'ன்னு கேக்குறா" என்பார் சன்யாசிராவ்.

"வாத்தோட பின்பக்கம் நீதான்னு சொல்லு. ஒரே ஜாடை."

சன்யாசிராவுக்கு அதற்கு முன்னால் சினிமாவில் சண்டைக் கலைஞர் வேலை. மாடியிலிருந்து விழுந்து தோள் போன பிறகு அங்கே கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இங்கே தோள் தேவைப்படவில்லை. கால் போதும். "இந்த ரெண்டு காலு இருக்கிற வரைக்கும் கொண்டம்மா வீட்ல அடுப்பு எரியும்" என்று சொல்வார். கொண்டம்மா அவர் மனைவி.

போன வருடம் தெலுங்கு வருடப்பிறப்பான உகாதிக்குச் சற்று முன்னால் கும்பய்யாவின் வலது பாதம் மட்டும் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. முன்னே போக வேண்டிய நேரத்தில் தரையை விட்டு எழாமல் இழுபட்டது. ஊன்ற வேண்டிய பாதம் வழுக்குவது ஒன்று, தூக்க வேண்டிய பாதம் இழுபடுவது வேறொன்று. நெட்டை உருவத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். கும்பய்யாவுக்குக் காலே சாண் அளவுதான். எல்லாமே சுருங்கும்போது பாதம் தரையிலிருந்து எழும் உயரமும் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். அதனால் பைடிராஜு அதை வழக்கமான வழுக்கல் என்றே எடுத்துக்கொண்டார்.

"பாவா, உன் வலது ஷூவிலே உருண்டை லூசா இருக்கு. புதுசு மாத்து" என்றார்.

மாற்றினார்கள். குறையவில்லை. தரை அளவைக் கேமராக்களுக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கும் குறையவில்லை. வாரா வாரம் புதுப் பகுதி போக வேண்டிய தொடர் இது. யாருக்கும் நேரமில்லை. பைடிராஜு வலது காலுக்கென்று கணினியில் தனியாக ஓர் அமைப்பு எழுதினார். பாதம் முன்னே போகும்போது விரல் நுனியைத் தானாகக் கொஞ்சம் தூக்கி, சரியான இடத்தில் ஊன்றி நிறுத்திவிடும். அதற்குப் பிறகு அந்தக் கால் அவர் கண்ணில் படவே இல்லை. அழகான வேலை. நான் அதை வாங்கி என் காட்சிகளிலும் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் முடிந்த பகுதியை எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். சன்யாசிராவ் முன்வரிசையில் உட்கார்ந்து கும்பய்யாவின் முகத்தைப் பார்க்காமல் கால்களையே பார்ப்பார். நடிகனின் கர்வம் என்று நினைத்துச் சிரிப்போம்.

"என்ன பாவா, உன் காலை நீயே காதலிக்கிறியா?"

"நல்லா நடக்கிறேன் இல்ல?" என்று கேட்பார்.

"ராஜா மாதிரி."

அவர் தலையை ஆட்டிக்கொள்வார்.

தை பிறந்த சமயத்தில் கதையில் ஒரு பனைமரப் பேய் வந்தது. ஒல்லி, உயரம், நீளக் கால். வேலை எனக்கு வந்தது. எனக்குக் கொண்டாட்டம். பேயின் கால் நீளமும் சன்யாசிராவின் கால் நீளமும் ஏறக்குறைய ஒன்று. எதையும் சுருக்க வேண்டாம், வழுக்கலே இருக்காது. அசைவைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தேன். இடது பாதம் கச்சிதமாக ஊன்றி எழுந்தது. வலது பாதத்தின் நுனி தரையைக் கீறிக்கொண்டே வந்தது.

"ராஜு காரு, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

"அந்த வலது காலா? என் அமைப்பைப் போடு அம்மாயி, சரியாகிடும்." தெலுங்கில் பெண்பிள்ளையை 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"போடலாம். ஆனா இங்கே எதுக்கு வழுக்கணும்? அளவு ரெண்டும் ஒண்ணுதானே?"

அவர் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். ஒருமுறை ஓட்டினார். பேயின் உடம்பைக் கழற்றிவிட்டு, கேமராக்கள் பிடித்த வெறும் புள்ளிகளை மட்டும் வைத்து மறுபடி ஓட்டினார். புள்ளிகளால் ஆன சன்யாசிராவ் நடந்தார். வலது இடுப்பைக் கொஞ்சம் தூக்கித் தூக்கி, அப்படியும் நுனி எழாமல். பைடிராஜு எழுந்து படப்பிடிப்புக் கூடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

சன்யாசிராவ் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஷூவைக் கழற்று பாவா."

"எதுக்கு? கால்லே விழப் போறியா?"

"கழற்றிட்டு நட."

"சாப்பிட்டுட்டு நடக்கிறேன்டா."

"இப்ப நட."

அந்தக் குரலுக்கு அவர் எழுந்தார். வெறுங்காலோடு சுவர் வரை நடந்தார். கூடம் அமைதியாக இருந்ததால் சத்தம் கேட்டது. ஓர் எட்டு ஊன்றும் சத்தம், அடுத்த எட்டு தேய்க்கும் சத்தம். வலது பெருவிரல் நகத்தின் ஓரம் தேய்ந்து கறுத்திருந்தது.

நிம்ஸ் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டுக்குள் கட்டி. கெட்ட கட்டி இல்லை, மெதுவாக வளர்வது, நரம்பை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அறையில் சன்யாசிராவும் கொண்டம்மாவும் பைடிராஜுவும் இருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"எப்போலேருந்து கால் இழுக்குது?"

"ஒரு மாசம் இருக்கும்மா" என்றார் சன்யாசிராவ்.

"மாடிப்படியிலே தடுக்குது, தடுக்குதுன்னு ரெண்டு மாசமாச் சொல்றாரு" என்றார் கொண்டம்மா.

பைடிராஜு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன உகாதிக்கு முன்னாடியிலேருந்து" என்றார்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "நீங்க யாரு? கூடவே இருக்கிறவரா?"

"இவரோட கால் அசைவை நான்தாம்மா தினமும் பார்க்கிறேன். அப்பவே இழுத்துச்சு. நான் சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணினீங்களா?"

"படத்திலே."

டாக்டரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ஆபரேஷன் செய்தால் மேலும் மோசமாகாமல் தடுக்கலாம், போன பலம் திரும்புமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அழுத்தம் இவ்வளவு நாள் இருந்திருக்கக் கூடாது, முதலிலேயே வந்திருந்தால் பேச்சே வேறு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்று பலருக்கும் அதையே சொல்லியிருப்பார் போல.

வெளியே வராந்தாவில் பெஞ்சு இருந்தது. சன்யாசிராவ் அதில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் பாவா" என்றார். "படி ஏறும்போதெல்லாம் தட்டும். செருப்பு கழண்டு போகும், போனதே தெரியாது. பயமா இருக்கும். ஆனா வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். திரையிலே சரியா நடப்பேன். கேமரா பொய் சொல்லாதே, நமக்குத்தான் மனப்பிராந்தின்னு வீட்டுக்குப் போயிடுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாவா."

"நீயும்தான் சொல்லியிருக்கலாம்."

கொண்டம்மா இருவரையும் பார்த்தார். "இந்த மனுஷன் என்ன செஞ்சாரு?" என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன், எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில். நானும் அதையே செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் புருஷனுக்குக் கொடுத்தார். அதன் பிறகு பைடிராஜு பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஆபரேஷன் நடந்தது. கட்டி போயிற்று. கால் வரவில்லை. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையைப் போட்டுக்கொண்டு கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறார் என்று கேள்வி. பைடிராஜு மூன்று தடவை போனார். இரண்டு தடவை, தூங்குகிறார் என்று கொண்டம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். ஒரு தடவை சன்யாசிராவே கதவைத் திறந்து, "வேலைக்கு நேரமாகலையா பாவா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான்.

தொடர் நிற்கவில்லை. வேறு ஆளை வைத்து நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கும்பய்யா அந்நியனாகத் தெரிந்தான். எங்கள் மேற்பார்வையாளர் ஃபரீதா மேடம் ஒரு முடிவுக்கு வந்தார்.

"சன்யாசிராவ் நடந்ததெல்லாம் கிடங்குலே இருக்கு. நடை, ஓட்டம், துள்ளல் எல்லாம் இருக்கு. அதையே வெட்டி ஒட்டி இந்த வருஷத்தை ஓட்டிடலாம் ராஜு காரு. அவர் குடும்பத்துக்கும் ஏதாவது கொடுக்கச் சொல்றேன்."

அதில் சிக்கல் ஒன்று இருந்தது. பகுதி ஒளிபரப்பாகிச் சில மாதங்களில் அதன் அசல் பதிவுகளை அழித்துவிடுவது எங்கள் வழக்கம், இடம் போதாது. பழைய, நல்ல கால் நடை எதுவும் மிஞ்சவில்லை. கிடங்கில் இருப்பது கடைசி மாதங்களின் நடை மட்டும்தான். அத்தனையிலும் வலது கால் இழுபடுகிறது. கும்பய்யா நடக்க வேண்டுமானால் அந்த அமைப்பை மறுபடி போட்டே ஆக வேண்டும்.

"நான் போட்டுக்கிறேன் ராஜு காரு. இந்த நடையை எனக்குக் கொடுத்துடுங்க, நீங்க வேற காட்சியை எடுத்துக்குங்க" என்றேன்.

"வேண்டாம் அம்மாயி."

"தினமும் எப்படிப் பார்ப்பீங்க?"

"பார்க்காமத்தானே இவ்வளவும் ஆச்சு" என்றார்.

இப்போது அவர் அமைப்பைப் போடுவதில்லை. அது நொடியில் முடித்துவிடும். ஒவ்வொரு எட்டாக, ஒவ்வொரு படமாக, கையாலேயே செய்கிறார். முதலில் புள்ளிகளை மட்டும் ஓட்டி அந்தக் கால் இழுபடுவதை முழுக்கப் பார்க்கிறார். பிறகு விரல் நுனியைத் தூக்குகிறார். பாதத்தைக் கொண்டுபோய்த் தரையில் வைத்து நிறுத்துகிறார். வேலை தாமதமாகிறது என்று மேடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். சரி மேடம் என்றார், மாறவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவரை வேலையிலிருந்து எடுத்துவிடப் போவதாகப் பேச்சு.

போன வாரம் அவர் செல்போன் மேசையில் கிடந்து ஒலித்தது. திரையில் 'பாவா' என்று இருந்தது. எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் யாரோ பேசியது எனக்குக் கேட்கவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"கொண்டம்மா" என்றார் என்னிடம். "அவங்க தெருவிலே பசங்க எல்லாம் கும்பய்யா பார்க்கிறாங்களாம். சத்தம் கேட்டாலே பாவா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறானாம். தொடர் எப்ப முடியும்னு கேக்குறாங்க."

மறுபடி திரைக்குத் திரும்பினார். வலது பாதம் தரையில் இருந்தது. அதைத் தூக்கினார்.