பிழிகிற தொட்டி

மின்கம்பத்திலிருந்து விழுந்த என் கணவர் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார். அது போதாதென்று பேச்சையும் விட்டுவிட்டார். கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஊரெல்லாம் வயரிங் செய்தவர், அளவெட்டிக் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தையும் மிஞ்சிச் சத்தம் போட்டுக் கதைத்தவர். அந்த மௌனம் எனக்குப் பயத்தைத் தந்தது. இந்த மனிசன் மனதுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார் என்று பயந்தேன்.

கார்த்திகை மழையில் அவருடைய படுக்கைச் சீலைகள் காயாது. தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷின்தான் கைகொடுத்தது. ஒருநாள் அதன் பிழிகிற தொட்டியும் நின்றுவிட்டது. விறாந்தையில் நின்று அதைத் திட்டித் தீர்த்தேன்.

"உறுமுதோ?"

அறைக்குள்ளிருந்து அவர்தான்.

"ஓம், உறுமுது. சுத்தேல்லை."

"மூடியைத் திறந்து பார். உறுமல் நிக்குதோ?"

நின்றது. மூடினால் மறுபடியும் உறுமியது.

"அப்ப மூடிச் சுவிச் சரி. நிப்பாட்டு, மோட்டர் எரிஞ்சு போம். பிளக்கைக் கழட்டிப்போட்டுப் பின் தகட்டைத் திற."

திறந்தேன். பார்த்த உடனேயே தெரிந்தது. மூடியை மூடும்போது பிறேக்கை இழுத்து விடுவிக்கிற கம்பி, கொக்கியிலிருந்து நழுவித் தொங்கியது. பிறேக் இறுகப் பிடித்தபடியே இருந்தது. கம்பியைக் கையில் எடுத்தேன். கொளுவினால் வேலை முடிந்தது. அவர் கதைப்பதும் நின்றுவிடும். கம்பியை விட்டுவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, பெல்ட் தளந்திருக்குப் போலை."

"விசர்க்கதை கதையாதை. அது தோய்க்கிற பக்கத்தின்ரை பெல்ட். பிழியிறதுக்குத் தனி மோட்டர்."

எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னை ஏசுகிறார்! கண் நிறைந்துவிட்டது.

"மூடியை மூடிப்போட்டு, அடியிலை மோட்டரையும் தொட்டியையும் இணைக்கிற உருளையைக் கையாலை சுத்திப் பார்."

"இறுக்கமாக் கிடக்கு."

"பிறேக் கம்பி கொளுவி இருக்கோ?"

"ஓம்" என்றேன். பிறகு கப்பி, ஆணி, தண்ணீர்க் குழாய் என்று கண்டதையெல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொன்னார், அலுத்துக்கொண்டார், இரண்டு தரம் சிரித்தார்கூட. மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஊறின சீலைகள் தொட்டியிலேயே கிடந்தன.

கடைசியில் "இஞ்சை வா" என்று கூப்பிட்டார். நான் எழுந்து அறை வாசலில் போய் நின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டருக்குக் கரண்ட் வருது. சுவிச் வேலை செய்யுது. பெல்ட்டுக்கு இதோடை சம்பந்தமில்லை. உருளை இறுகிக் கிடக்கெண்டா, மிச்சம் பிறேக் ஒண்டுதான். நீ அதை எப்பவோ கண்டிட்டாய், என்ன?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"போய்க் கொளுவு" என்றார். "நான் கதைப்பன்."