வீட்டின் உரிமையாளர் அழகுசுந்தரம்

அப்பச்சி, அதாவது என் அப்பா, வங்கி எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்குடியில் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான எங்கள் பெரிய வீட்டில் அவர் மட்டும்தான் குடியிருந்தார். மற்ற பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர். சாவி அப்பச்சியிடம். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார், திறந்துவிட்டுத் திட்டுவார்.

"தூணைத் தடவிப் பாக்குறீக. தொடைக்கத்தான் ஒருத்தரையும் காணோம்."

அப்படித் திட்டு வாங்கியவர்களில் சௌபர்ணிகாவும் ஒருவர். சென்னையில் பயண வலைப்பூ நடத்துகிறார். இதையே கட்டுரையாக எழுதித் தாருங்கள் என்று கேட்டார். அப்பச்சி போனில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கடைசியில் தன்னைப் பற்றிய குறிப்பு: 'பங்காளிகளில் ஒருவன், சாவி வைத்திருப்பவன்.' சௌபர்ணிகாவுக்கு அது எடுப்பாகத் தெரியவில்லை போலிருக்கிறது. 'வீட்டின் உரிமையாளர்' என்று மாற்றி வெளியிட்டார். அதைப் பார்ப்பதற்குள் அப்பச்சிக்கு மாரடைப்பு. போய்விட்டார்.

சித்தப்பா மீனாட்சிசுந்தரம் போன் செய்தார். பங்காளிகள் கருமாதிக்கு வரமாட்டார்களாம்.

"உரிமையாளர்னு போட்டுக்கிட்டாகள்ல? உரிமையாளரே தனியா செஞ்சுக்கிடட்டும்."

பத்து வருடமாகக் கூரை ஒழுகியபோது இந்த உரிமை யாருக்கும் நினைவில் இல்லை.

மறுநாள் அப்பச்சியின் மின்னஞ்சலுக்கு சௌபர்ணிகாவின் நன்றி மடல் வந்தது. 'அன்புள்ள அழகுசுந்தரம் சார், உங்கள் கட்டுரை இந்த மாதம் எங்கள் தளத்தில் முதலிடம்! 2,140 பார்வைகள். பெரும்பாலும் நேரடி வருகை. எங்கள் முகவரியை மனப்பாடமாக வைத்திருக்கும் விசுவாசமான வாசகர்கள்! இணைப்பை நண்பர்களுக்கும் பகிருங்கள். அடுத்த கட்டுரை எப்போது?' கீழே ஊர்வாரியாக வரைபடமும் வாசிப்பு நேரமும்.

என் வேலையே இந்த எண்களைப் படிப்பது. வாட்ஸாப்பில் வந்த இணைப்பைத் தட்டி வருகிறவர்களையும் அந்தக் கணக்கு பெரும்பாலும் நேரடி வருகையில்தான் சேர்க்கும். ஊர்கள்: காரைக்குடி, சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர். சராசரி வாசிப்பு பதினொரு விநாடி. பெயரையும் குறிப்பையும் பார்த்துவிட்டுக் கோபப்பட அது போதும். விசுவாசமான வாசகர்கள் வேறு யாருமில்லை, எங்கள் பங்காளிகள். குடும்பச் சண்டை ஒன்றை வெற்றி என்று எழுதி, செத்த மனிதருக்கு அனுப்பியிருந்தார்.

பதில் எழுதினேன். 'அவர் இறந்துவிட்டார். குறிப்பை அவர் அனுப்பியபடியே போடவும். நீங்கள் மாற்றியது என்று கட்டுரையின் தலையில் எழுதவும். இன்றே.'

அரை மணி நேரத்தில் செய்துவிட்டார். வருத்தமும் தெரிவித்தார். அதே மடலின் கடைசி வரி: திருத்தத்துக்குப் பிறகு பார்வைகள் இன்னும் கூடியிருக்கின்றன.

திருத்தத்தைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டேன். கருமாதிக்கு எல்லோரும் வந்தார்கள். அப்பச்சி துடைத்துவைத்த தூண்களில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு சித்தப்பா என்னை ஓரமாக அழைத்தார்.

"ஏம்ப்பா, பங்காளிகள்ல ஒருத்தர்னு மொட்டையா நிக்குதே. எங்க பேரையும் வரிசையா போடச் சொல்லக் கூடாதா?"

வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"போடச் சொல்லலாம் சித்தப்பா. பேருக்குப் பக்கத்துல 'சாவி வைத்திருப்பவன்'னும் வரும். சம்மதமா?"

ஈரம் காயாத கையோடு சாவியை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, காருக்கு நேரமாகிவிட்டது என்றார்.