விடுபட்ட அம்பு

அவளுடைய இரண்டு விரல்கள் மவுஸைப் பிடித்து இழுக்க, திரையில் ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அம்பு நீண்டது. காத்திருப்பு, நேரத் தேர்வு, பணம், அச்சு, காகிதம் தீர்ந்தது: வண்டி நிறுத்தச் சீட்டு இயந்திரம் எந்தெந்த நிலையில் இருக்கலாமோ அதற்கெல்லாம் ஒரு வட்டம் போட்டிருந்தாள். எந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே போகும் என்பதற்கு அம்பு. படம் முடிந்ததும், எல்லா அம்புகளையும் ஒருமுறையாவது தொட்டு வரும் வழிகளை மென்பொருளே கண்டுபிடித்து, இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்துவிடும். படத்தில் இல்லாத அம்பு மட்டும் அதற்குத் தெரியாது.

அறையின் மூலையில் அவளுடைய அக்காள் கணவர் அதே இயந்திரத்தைக் கையால் அழுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அக்காளையும் சேர்த்து மூவருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல்.

மேலாளர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்: "அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் படத்துல வந்துட்டா அவருக்கு நாற்காலி எதுக்கு? உங்க நாற்காலி பத்திரம். அதுவரைக்கும் அவர் காதுல போடாதீங்க."

அவள் போடவில்லை.

"அத்தான், கொஞ்சம் பாருங்களேன். எதாவது விட்டுட்டேனா?"

"வாத்தியாரம்மாவே கூப்பிடறாங்களே, வராம இருப்பேனா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்பு அம்பாகப் பார்த்தார். "காகிதம் தீர்ந்த வட்டத்துலேர்ந்து ஒரே வழிதான் போட்டிருக்கே. காகிதம் போட்டா திரும்ப அச்சு. சரி, காகிதம் போட ஆள் வர்ற வரைக்கும் காசு போட்டவன் கையக் கட்டிட்டு நிப்பானா? ரத்து பட்டனைப் போட்டுக் குத்துவான்மா."

மேலாளர் சொன்னதை இப்போதுகூட அவரிடம் சொல்லிவிடலாம். அந்த ஓர் அம்பு அவர் தலையில் மட்டும் இருக்கும்வரை அவர் இங்கே வேண்டியவர்.

"ரத்துன்னா காசு திரும்பி, காத்திருப்புக்குப் போகணும். அதானே அத்தான்?"

"அதேதான். போடு."

போட்டாள். மென்பொருள் புது வழி ஒன்றைக் கோர்த்து ஓட்டியது. நேரம், பணம், அச்சு, காகிதம் தீர்ந்தது, ரத்து. இயந்திரம் காசைத் திருப்பாமல் விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் காத்திருப்புக்குப் போய் நின்றது. திரையில் சிவப்பு.

"பாத்தியா!" என்று மேசையைத் தட்டினார். "நான் கையால பிடிச்சிருந்தா ஒரு வாரம் ஆயிருக்கும். பரவாயில்ல, உன் படம் பொழச்சுக்கும். இன்னைக்கு உங்கக்காகிட்ட சொல்லணும், தங்கச்சிக்கு மூளை இருக்குன்னு."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அத்தான், இன்னொரு தடவை முழுசா பாத்துடுங்க."

பார்த்தார். வேறொன்றும் விடுபடவில்லை.

படத்தையும் வழிகளையும் அச்செடுத்து அடுக்கினாள். காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "குடு, நானே மேனேஜர்கிட்ட குடுத்துடறேன். அவர் அறையில என்னையும் வரச் சொல்லியிருக்காரு, என்னவோ பேசணுமாம்" என்று கட்டை வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது.

"இந்தாங்க சார். நானே பாத்துட்டேன், ஒரு அம்பும் விடல."

மேலாளர் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.