ஊசியை நேராகப் பார்த்தவள்

என் தங்கை போராடி வாங்கியவை சில உண்டு. பள்ளிக்கூடம் பாதியில் நின்றபின் மாலை வகுப்பில் வாங்கிய தையல் சான்றிதழ். பெண் கைக்குக் கோட்டு வராது என்று சொன்ன கடைத்தெருவிலேயே கோட்டுக்கென்று ஒரு கடை. கடைக்கு மேலே தனக்கென்று ஓர் அறை. கடைசியாக, கழுத்தில் மெல்லிய ஒரு தழும்பு. அந்தத் தழும்புதான் எல்லாவற்றிலும் பெரியது.

ஊசியால் பிழைக்கிறவளுக்கு மருத்துவமனை ஊசி என்றால் பயம். கேலி செய்தால், "அது என் கையில இருக்கிற ஊசி, அக்கா. இது இன்னொருத்தர் கையில இருக்கிறது" என்பாள்.

ஒருமுறை ரத்தம் கொடுக்கப் போய் மயங்கி விழுந்து, மேசை விளிம்பில் மோவாய் கிழிந்தது. அதற்குப் பிறகு மருத்துவமனை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போவாள். என் மகன் பிறந்தபோது குட்டிக் கோட்டு ஒன்றைத் தைத்து யாரிடமோ கொடுத்தனுப்பினாள். நாங்கள் வீடு திரும்பிய பிறகுதான் வந்தாள். அவளுடைய ஒரே தோழி வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தாள். இவள் எட்டிப் பார்க்கவில்லை. குணமாகி வந்தவள் இவளோடு பேசவில்லை. காரணம் சொல்ல இவளுக்கும் வாய் வரவில்லை. சாயங்காலங்களில் கடைக்கு மேலிருந்த அவள் அறையிலிருந்து தையல் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்கும்.

பிறகு கழுத்தில் கட்டி வந்தது. அது மூச்சுக்குழாயை அழுத்த, நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினாள். வெட்டி எடுத்தாக வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். ரத்தப் பரிசோதனை இல்லாமல் தேதி கிடையாது. பரிசோதனைக் கூடத்திலோ எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள்: "கண்ணை மூடிக்கோங்க, உடம்பைத் தளர விடுங்க." சொன்னதைத் தட்டாமல் செய்தாள், தட்டாமல் மயங்கினாள். மூன்றாம் முறை வாசலோடு திரும்பிவிட்டாள். மருத்துவர் அவளை அதே கட்டடத்தில் இருந்த உளவியல் நிபுணரிடம் அனுப்பினார்.

நிபுணர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். "நீங்க பக்கத்துல இருந்தா, அக்கா இருந்ததால தப்பிச்சேன்னு நினைச்சுப்பாங்க." உள்ளே நடந்ததை அவளே பின்னால் எனக்குச் சொன்னாள்.

"என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"விழுவேன்."

"மத்த பயத்துல ரத்த அழுத்தம் ஏறும். உங்களுக்கு ஏறிட்டு, சட்டுனு இறங்குது. அந்த நேரத்துல தளர விட்டா?"

"தரையில கிடப்பேன்."

"அதனால இறுக்குங்க. கை, கால், வயிறு எல்லாம். முகம் சூடாகுற வரைக்கும். அப்புறம் பழைய நிலைக்கு விடுங்க, துவண்டுடாதீங்க. திரும்ப இறுக்குங்க."

"ஊசி போடுற கையுமா?"

"அதை மட்டும் விட்டுடுங்க. அது சும்மா கிடக்கட்டும்."

முதலில் அந்த இறுக்கலை நன்றாகப் பழகும்வரை செய்தாள். பிறகு சிரிஞ்சின் படம். பிறகு மூடியோடு சிரிஞ்சு. எல்லாவற்றையும் முதலில் நிபுணர் செய்து காட்டினார். இவள் சரி என்று சொல்லாமல் எதையும் தொடவில்லை. ஒவ்வொன்றிலும் பயம் தணியும்வரை கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். கையில் ரப்பர் பட்டை, ஸ்பிரிட் வாசனை, விரல் நுனியில் ஒரு குத்து. உலகம் ஓரத்தில் மங்கியபோது இறுக்கினாள், மங்கல் விலகியது.

இப்படியே மூன்று மணி நேரம் ஆகப்போனது. கடைசியில் ரத்தம் எடுக்கும் நர்ஸ் வந்தார்.

"பாக்காதீங்கம்மா, அந்தப் பக்கம் திரும்புங்க."

"நான் பாக்கணும். இத்தனை வருஷம் பாக்காமதான் பயந்தேன்" என்றாளாம் என் தங்கை.

குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தாள். கால்களை இறுக்கினாள். விழவில்லை.

வெளியே வந்தவள் முகத்தில் சிரிப்பு இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவ்வளவுதான்க்கா அது. இதுக்காகவா அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ போய்ப் பாக்காம இருந்தேன்?" என்றாள்.

விட்டால் பயம் திரும்பிவரலாம் என்று நிபுணர் சொல்லியிருந்தார். ஆகவே காய்ச்சல் தடுப்பூசிக்குத் தனியாகப் போனாள். பிறகு வேலை ஓய்ந்த நாட்களில் பரிசோதனைக் கூடத்தின் பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். கை தானாகவே முஷ்டி பிடிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் கோபக்காரி என்று நகர்ந்து உட்காருவார்களாம்.

அறுவைக்குச் சேரும் காலையில் நானும் கிளம்பினேன். "நீ வராதக்கா. நீ வந்தா உன் கையைத் தேடுவேன்" என்றாள். கண்ணாடிக் கதவுவரை போய் நின்றேன். உள்ளே ஒரு பையோடு அவள் மட்டும். அவள் மயங்கிக் கிடக்க, மருத்துவமனைத் தாள்களில் எல்லாம் முன்பு அப்பாவும், அப்பாவுக்குப் பிறகு நானுமே கையெழுத்துப் போட்டுவந்தோம். அன்று சம்மதத் தாளை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. முஷ்டியை ஒருமுறை இறுக்கி விட்டு, பேனாவை எடுத்தாள். தன் உடம்புக்காகத் தன் பெயரை அவள் முதன்முதலாக எழுதிய நாள், செப்டம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை.