காலர் மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னது

குனிந்து அவள் காதருகே வாயைக் கொண்டுபோன பிறகுதான் அந்தப் பச்சை விளக்கு என் கண்ணில் பட்டது. அவள் தோள்பட்டையில் குத்தியிருந்த காலர் மைக்கின் விளக்கு. நான் சொல்ல வந்ததை எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அவள் காதுக்கு முன்பே அந்த மைக்குக்குக் கேட்டுவிடும். அதன் வழியாக லைவ் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வீடுகளுக்கும் கேட்டுவிடும். வாயை மூடிக்கொண்டேன். கையிலிருந்த அரக்குப் புடவையை அவள் மடியில் வைத்துவிட்டு, ஏதோ அதற்காகவே வந்தவள் போல நிமிர்ந்தேன்.

அந்த ஒரு நொடியில்தான் எனக்கு உறைத்தது. ஒருவரிடம் ஒன்றை மெதுவாகச் சொல்வது என்பதற்கும் குரலைத் தாழ்த்துவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், கேட்டவுடன் எழுந்து போக வழி இருக்கிறதா, போன இடத்தில் சரிசெய்ய என்ன இருக்கிறது, இதெல்லாம்தான் கணக்கு. இத்தனை நாள் இது தெரியாமல் எத்தனை பேர் மானத்தைக் குசுகுசுவென்று வாங்கியிருக்கிறேனோ.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை செய்கிறேன். எம்.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். சனிக்கிழமை காலைகளில் போனை ஸ்டாண்டில் மாட்டி, புடவைகளை நேரலையில் காட்டி விற்கும் வேலை என் பொறுப்பு. அவள் என்னோடு பள்ளியில் படித்தவள். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். எனக்கு மூன்று வருடம் முன்பே அதே கடையில் விற்பனைக்குச் சேர்ந்துவிட்டாள். வழக்கமாக லைவில் பேசும் பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால், அன்றைக்கு முதலாளியம்மா இவளை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். நன்றாக வந்தால் இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் இவள்தான். அந்த இடம் அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் பேசிப் பழகியிருந்தாள்.

வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பாதி உட்கார்ந்தபடியே விரித்துக் காட்ட வேண்டும். பிறகு எழுந்து, புடவையைத் தோளில் போட்டு, முந்தி முதுகில் எப்படி விழுகிறது என்று திரும்பிக் காட்ட வேண்டும். பக்கத்திலிருந்த புடவைக் கட்டைத் தூக்குவதற்காக அவள் முன்னால் சாய்ந்தபோதுதான் பார்த்தேன். சந்தன நிறச் சீருடைப் புடவை. முந்தியை வேலைக்கு வசதியாக இடுப்பில் சொருகியிருந்தாள். பின்னால், இடது பக்கம், ஒரு பெரிய பொட்டு அளவுக்குச் சிவப்பு.

அவளுக்குத் தெரியாது. போனுக்கும் இன்னும் தெரியாது, அது முன்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து திரும்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். இரண்டடி தள்ளி, அலமாரியிலிருந்து புடவை எடுத்துக் கொடுக்கும் அண்ணன் நின்றிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் பார்த்துவிட்டால் அவள் திங்கட்கிழமை வேலைக்கே வரமாட்டாள்.

காதில் சொல்லப் போய், மைக்கைக் கண்டு திரும்பியாயிற்று. வாட்ஸப் அனுப்பலாமென்றால் அவள் போன் பையில் கிடந்தது. மைக்கை அணைத்தால் சத்தம் போய்விட்டதென்று முதலாளியம்மா கத்துவார். அப்போது எனக்குத் தோன்றிய புத்திசாலித்தனமான யோசனை, அட்டை.

லைவில் பேசுபவருக்கு நினைவூட்ட ஒரு வெள்ளை அட்டை வைத்திருப்போம். ‘ஜரிகை பற்றிச் சொல்’, ‘புடவை எண் சொல்’ என்று எழுதி, போனுக்குப் பின்னாலிருந்து தூக்கிக் காட்டுவது என் வேலை. பரபரவென்று எழுதினேன்: ‘எழுந்திருக்காதே. உட்கார்ந்தே காட்டு.’ தூக்கிப் பிடித்தேன்.

அவளுக்கு ஒரு வாரமாக நான் சொல்லிக்கொடுத்தது என்ன? அட்டையில் எது வந்தாலும் சிரித்த முகத்தோடு உடனே சொல்லிவிடு, யோசிக்காதே. அவள் யோசிக்கவில்லை.

“இன்னிக்கு எழுந்திருக்காம உக்காந்தே காட்டச் சொல்றாங்க மேடம், அதனால முந்திய இப்டியே பாத்துக்கோங்க,” என்று சிரித்த முகத்தோடு உலகத்துக்கே அறிவித்தாள்.

என் கையிலிருந்த இன்னொரு போனில் கமெண்டுகள் ஓட ஆரம்பித்தன. ‘ஏன் நிக்க மாட்டாங்க?’ ‘சிஸ்டர் கால் வலியா?’ ‘நின்னு காட்டுனாத்தானே நீளம் தெரியும்.’ பில் போடும் மேசையிலிருந்து முதலாளியம்மா குரல் வந்தது.

“யாரும்மா உக்காந்து காட்டச் சொன்னது? எழுந்து காட்டு, கஸ்டமர் கேக்கறாங்க இல்ல?”

“இதோ எழுந்துக்கறேம்மா,” என்று அவள் ஒரு கையை மெத்தையில் ஊன்றினாள்.

“இருடி!” என்றேன். அதுவும் லைவில் போயிருக்கும். பரவாயில்லை. “மொதல்ல ஜரிகைய கிட்டத்துல காட்டிடலாம். மைக்குல பட்டு உரசும், ஒரு நிமிஷம் ஆஃப் பண்றேன்.”

இது பொய்யில்லை. பட்டை மைக் பக்கம் கொண்டுபோனால் மழை பெய்வது போல இரைச்சல் கேட்கும். கிட்டத்தில் காட்டும்போது நாங்கள் எப்போதும் அணைத்துத்தான் வைப்போம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. போனைத் தாழ்த்தி, மெத்தை ஓரத்தில் விரித்திருந்த இன்னொரு புடவையின் முந்தி மேல் திருப்பினேன். படத்தில் ஜரிகை மட்டும். மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பச்சை விளக்கு போனது. அலமாரி அண்ணனிடம், “அண்ணா, மாடியில மயில்கழுத்துக் கலர் கட்டு ஒண்ணு இருக்குது, கொண்டாறீங்களா?” என்றேன். “இப்பத்தானே பாப்பா ஏறி எறங்கினேன்,” என்று முனகிக்கொண்டே போனார். அவர் செருப்புச் சத்தம் படியேறும் வரை காத்திருந்தேன்.

பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, புடவையைப் பார்த்தபடியே சொன்னேன்.

“டேட் வந்துருச்சுன்னு நெனைக்கிறேன். பின்னாடி எடது பக்கம் கொஞ்சமா பட்டிருக்குது. என் பையில பேட் இருக்குது. நான் உன் பின்னாடியே வரேன்.”

அவள் விரல் ஜரிகை மேல் அப்படியே நின்றது. முகம் மாறவில்லை, காது மட்டும் சிவந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“யார்னா பாத்தாங்களா?”

“நான் மட்டும்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமா. போன்ல முன்னாடிதான் தெரிஞ்சிது.”

மூச்சை விட்டாள். நான் அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் அவளே இடுப்பில் சொருகியிருந்த முந்தியை உருவிப் பின்னால் விட்டாள். பிறகு விரித்துக் கிடந்த அரக்குப் புடவையின் ஒரு தலைப்பை என் கையில் திணித்தாள். விரித்த பட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்தக் கடையில் யாரும் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்காத காட்சி அது. அவள் முன்னால் நின்று ஒரு முனையைப் பிடித்தாள், நான் பின்னால் நின்று மறுமுனையை உயர்த்திப் பிடித்தேன். நடுவில் புடவை திரை மாதிரி தொங்கியது.

“பட்டு மேல படாம புடி,” என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்குச் சரக்குக் கவலை.

விரிப்பில் ஒரு சிறு கறை இருந்தது. அட்டையை அதன் மேல் போட்டேன். மடிப்பது போலவே மூன்று நான்கு எட்டில் உள்ளறைக்குப் போய்விட்டோம். அங்கே ஒரு குழாய் இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது.

பையைக் கொடுத்துவிட்டு நானும் உள்ளே நின்றேன். “பச்சைத் தண்ணில கழுவு, தேய்க்காத, துணிய உள்பக்கத்துலேர்ந்து நனைச்சி ஒத்து,” என்று அடுக்கினேன்.

“எனக்குத் தெரியாதா? நீ போடி. லைவ் என்னாவறது?”

போனேன். முதலாளியம்மா கையைப் பிசைந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கழற்றிக் கொடுத்த மைக்கை என் துப்பட்டாவில் குத்தி, பொத்தானை அழுத்தி, போனை நிமிர்த்திவிட்டு, “அடுத்த புடவை ரெடி ஆவுது மேடம், அதுக்குள்ள உங்க கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிடறேன்,” என்று ஆரம்பித்தேன். கால்வலியா என்று கேட்ட அக்காவுக்கு, “இல்லக்கா, நல்லா இருக்காங்க, இப்ப நிப்பாங்க,” என்றேன்.

ஆறேழு நிமிடத்தில் அவள் வந்தாள். இடது தோளில் மடிப்பு மடிப்பாகப் பின் குத்தியிருந்த முந்தியை அவிழ்த்து, ஒற்றையாக அகலமாக விட்டு, நீளத்தையும் ஒரு சாண் கூட்டியிருந்தாள். கழுவிய ஈரம் இருந்த இடம் அதன் அடியில் மறைந்துவிட்டது. நேராக வந்து மைக்கை வாங்கிக் குத்திக்கொண்டு நின்று, நீலப் புடவையைத் தோளில் போட்டு, திரும்பி நின்றாள். முந்தி முதுகில் விழுவதைக் காட்டிக்கொண்டே, “உயரமா இருக்கறவங்களுக்கும் இது குட்டையா இருக்காது, பாருங்க,” என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அந்தப் புடவை அங்கேயே விற்றது.

லைவ் முடிந்ததும் முதலாளியம்மா, “நடுவுல எங்கம்மா போனீங்க ரெண்டு பேரும்?” என்றார்.

“சீருடை கலஞ்சிருச்சும்மா, சரிபண்ணிக்கினு வந்தா,” என்றேன்.

“ம். அடுத்த வாரம் நின்னே ஆரம்பிங்க.” அடுத்த வாரம் என்ற சொல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். விரிப்பை நானே உருவி ஊறப் போட்டேன்; டீ கொட்டிவிட்டதென்றால் நம்பாதவர் யார்?

மாலை பஸ் நிறுத்தம் வரை அவளோடு நடந்தேன். நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட பெருமையில் இருந்தேன். அவளோ, “ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?” என்றாள்.

“சொல்லு.”

“அட்டையில எழுதினியே, அதுகூட மன்னிச்சிடுவேன். அதுக்கப்புறம் மத்தியானம் பூரா என் பின்னாடியே பாத்துக்கினு இருந்தியே, அத இன்னா பண்றது? நான் எழுந்தா பாக்கற. தண்ணி குடிக்கப் போனா பாக்கற. அந்த அண்ணனே ‘இன்னாமா, அந்தப் பொண்ணு உன்னையே மொறைக்குது, சண்டையா’ன்னு கேட்டாரு.”

“திரும்பவும் பட்டுடுச்சோன்னு பயம்டி.”

“தெரியுது. ஆனா நீ பாக்கற ஒவ்வொரு தடவையும் எனக்கு மறுபடியும் மொதல்லேர்ந்து வெக்கமாயிருக்குது. ஒரு தடவ சொல்லிட்டியா, வுட்டுடு. வேணும்னா நானே கேக்கறேன்.”

எனக்கு முகம் சூடானது. இப்போது சிவந்தது என் காது. சொல்வதை மட்டுமே யோசித்து வைத்திருந்தேன். சொன்ன பிறகு எங்கே பார்ப்பது என்று யோசிக்கவே இல்லை. பஸ் வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, “மொறைக்காத!” என்று கத்திவிட்டுச் சிரித்தாள்.

இந்த வாரம் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, மைக் பொத்தானை அவள் கைக்கே பழக்குவது. எதுவும் எழுதாத அட்டையை நான் தூக்கிக் காட்டினால், ஜரிகையைக் கிட்டத்தில் காட்டுகிறேன் என்று சொல்லி அவளே அணைத்துவிட வேண்டும். ஒத்திகை வியாழக்கிழமை.

இரண்டாவதுதான் கஷ்டம். உள்ளறையில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றும், ஒரு டப்பாவில் பேட், ஊக்கு, மாற்று உள்பாவாடையும் வைக்கும்படி முதலாளியம்மாவிடம் கேட்கப்போகிறேன். “திடீர்னு எதுக்கு?” என்பார், கட்டாயம். அவள் பெயர் அந்தப் பேச்சில் வரக்கூடாது. சனிக்கிழமை என்ற சொல்லே வரக்கூடாது. எனக்குத்தான் வேண்டும் என்று சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். நாளைக்கு, பில் மேசையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.